எதுவரை போயிருக்கிறது என்று தெரியாதபோது எழுதும் முதல் அறிக்கை

கேள்வி: "எங்கள் கம்பெனி சர்வர்களில் விடியற்காலையிலிருந்து சைபர் தாக்குதல். எதுவரை போயிருக்கிறது என்று ஐ.டி. ஆட்களுக்கே தெரியவில்லை. ஊழியர்களும் கஸ்டமர்களும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒன்றுமே தெரியாதபோது என்ன எழுதி அனுப்புவது? தெரியும்வரை பேசாமல் இருந்துவிடலாமா?"

பேசாமல் இருக்க முடியாது. அதே சமயம், ஒன்றுமே தெரியாது என்பதும் சரியில்லை. எந்தச் சேவை ஓடவில்லை என்று உங்களுக்குத் தெரியும். எதை நீங்களாகவே நிறுத்தினீர்கள் என்று தெரியும். எத்தனை மணிக்குக் கண்டுபிடித்தீர்கள், இப்போது யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், அடுத்த சில மணி நேரத்துக்கு ஊழியரும் வாடிக்கையாளரும் என்ன செய்யக் கூடாது, அடுத்து எப்போது பேசுவீர்கள், எல்லாம் உங்கள் கையில் இருக்கிறது. முதல் அறிக்கைக்கு இவ்வளவு போதும். தெரியாதவை நான்கு: எப்படி நுழைந்தார்கள், யார் செய்தது, எதை எடுத்தார்கள், எப்போது சரியாகும். முதல் நாள் அறிக்கைகள் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றுக்கு அவசரப்பட்டுப் பதில் சொல்லப் போய்த்தான்.

இந்த மாதிரி நேரங்களில் அறிக்கை எழுதிக் கொடுப்பது பல வருடங்களாக என் வேலை. நான் வக்கீல் இல்லை. சட்டம் சம்பந்தப்பட்ட இடங்களில் நான் சொல்வதை உங்கள் வக்கீலிடம் காட்டிவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். மற்றபடி, ஒவ்வொரு வாக்கியம் எழுதியதும் நான் கேட்டுப் பார்ப்பது ஒரு கேள்விதான்: மூன்று நாள் கழித்து, இருந்த தரவு அத்தனையும் போய்விட்டது என்று தெரியவந்தால், இந்த வாக்கியம் அப்போதும் நிற்குமா? நிற்காது என்றால் இன்றைக்கு அது வேண்டாம். 'சர்வர்களை நிறுத்தியிருக்கிறோம்' என்பது எது நடந்தாலும் உண்மையாகவே இருக்கும். 'உங்கள் தரவு பாதுகாப்பாக இருக்கிறது' என்பது ஒரே இரவில் பொய்யாகிவிடலாம்.

ஓர் உதாரணத்தோடு போகலாம். சிறு நிறுவனங்களுக்கு ஆன்லைன் பில்லிங் மென்பொருள் தரும் கம்பெனி ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை 5.40க்கு ஒரு ஃபைல் சர்வரில் கோப்புகள் திறக்கவில்லை, பெயர்களின் பின்னால் ஏதோ புதிய எழுத்துகள் ஒட்டியிருக்கின்றன என்று கண்காணிப்பில் இருந்தவர் பார்க்கிறார். 6.30க்குள் இன்னும் இரண்டு சர்வர்கள் அதே நிலை. 7 மணிக்கு நெட்வொர்க்கைத் துண்டிக்கிறார்கள். பேக்கப் பிழைத்ததா என்று யாரும் இன்னும் போய்ப் பார்க்கவில்லை. 8 மணிக்கு மார்க்கெட்டிங் பிரிவு ஒரு வரைவு கொண்டுவருகிறது: "தொழில்நுட்பக் கோளாறு காரணமாக எங்கள் சேவையில் சிறு தடங்கல் ஏற்பட்டுள்ளது. வாடிக்கையாளர் தரவு பாதிக்கப்பட்டதற்கான எந்த ஆதாரமும் இல்லை. உங்கள் பாதுகாப்பே எங்கள் முதல் கடமை. விரைவில் சேவை சீராகும்." நான்கு வாக்கியம், நான்கும் அடிபட வேண்டியவை.

முதலாவது மறைப்பு. கோப்புகள் என்கிரிப்ட் ஆகி, அதாவது யாரும் திறக்க முடியாதபடி பூட்டப்பட்டு இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகு அதைக் கோளாறு என்று எழுதினால், மதியத்துக்குள் ஏதோ ஓர் ஊழியர் கம்ப்யூட்டர் திரையைப் பிடித்த படம் வெளியே போய்விடும், அல்லது தாக்கியவர்களே தங்கள் தளத்தில் உங்கள் பெயரைப் போடுவார்கள். அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் உண்மைக்கும் மதிப்பிருக்காது. சந்தேகமான நடமாட்டம் மட்டும் தெரிந்திருந்தால் 'அனுமதியில்லாத நுழைவு ஒன்றை ஆராய்ந்து வருகிறோம்' என்று எழுதலாம். என்கிரிப்ட் ஆன கோப்பைப் பார்த்துவிட்டால் 'சைபர் தாக்குதல்' என்றே எழுதிவிடுங்கள். 'மிக நுட்பமான தாக்குதல்' என்று மட்டும் வேண்டாம். திருடு போன ஒரு பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு நேராக உள்ளே வந்தார்கள் என்று பின்னால் தெரியவரும்போது அந்தச் சொல் உங்களையே கேலி செய்யும்.

இரண்டாவது வாக்கியம்தான் ஆபத்தானது, அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். 'ஆதாரம் இல்லை' என்று எழுதுகிறவர், தேடிப் பார்த்தோம், கிடைக்கவில்லை என்ற பொருளில் எழுதுவதில்லை. இன்னும் தேடவே இல்லை. படிக்கிறவர் எடுத்துக்கொள்வதோ, தேடிப் பார்த்துவிட்டார்கள், தரவு பத்திரம் என்று. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் தாக்குதலில் என்கிரிப்ட் செய்வது வழக்கமாகக் கடைசி வேலை. அதற்குப் பல நாள் முன்பே உள்ளே வந்து, அட்மின் கணக்குகளைப் பிடித்து, வேண்டிய கோப்புகளைக் கட்டி வெளியே அனுப்பியிருப்பார்கள். அது நடந்ததா என்று சொல்ல வேண்டுமானால் ஃபயர்வாலில் வெளியே போன போக்குவரத்தின் அளவைப் பார்க்க வேண்டும். யாரும் உருவாக்காத பெரிய ஜிப் கோப்புகள் கிடக்கின்றனவா என்று தேட வேண்டும். rclone போன்ற, கோப்புகளைக் கிளவுடுக்கு ஏற்றும் கருவி ஏதாவது ஓடியதற்குத் தடம் இருக்கிறதா என்று சர்வர் சர்வராகப் பார்க்க வேண்டும். சர்வரில் நடந்ததைப் பதிந்துவைக்கும் லாக் எத்தனை நாளுக்கு வைக்கப்பட்டிருக்கிறது, தாக்கியவர்கள் அதை அழித்தார்களா என்பதைப் பொறுத்து, இந்தக் கேள்விக்கு முழுப் பதில் கிடைக்காமலேயே போவதும் உண்டு. காலை 8 மணிக்கு இதில் ஒரு வேலைகூடத் தொடங்கியிருக்காது.

பாஸ்வேர்ட் சேமிப்புச் சேவையான லாஸ்ட்பாஸ் 2022 ஆகஸ்டில் ஒரு ஊடுருவலை அறிவித்தபோது, வாடிக்கையாளர் தரவோ பாஸ்வேர்ட் பெட்டகங்களோ தொடப்பட்டதற்கு ஆதாரம் காணவில்லை என்றது. அதே டிசம்பரில், ஆகஸ்டில் கைப்பற்றிய தகவல்களைப் பயன்படுத்தியே பின்னர் வாடிக்கையாளர் பெட்டகங்களின் பேக்கப்பை நகலெடுத்துவிட்டார்கள் என்று சொல்ல வேண்டிவந்தது. ஆகஸ்டில் எழுதியது அந்த நேரத்துக்கு உண்மையாகவே இருந்திருக்கலாம். ஆனால் படித்தவர்கள் அதை ஓர் உத்தரவாதமாக எடுத்துக்கொண்டார்கள், கோபம் அங்கிருந்துதான் வந்தது. ஆகவே எங்கள் உதாரண வரைவில் அந்த வாக்கியம் இப்படி மாறும்: "வாடிக்கையாளர் தரவு இதில் பாதிக்கப்பட்டதா என்று எங்களுக்கு இன்னும் தெரியாது. அதைத்தான் இப்போது ஆராய்ந்துகொண்டிருக்கிறோம்." நிர்வாகத்தில் யாராவது ஒருவர் 'தெரியாது' என்ற சொல்லைப் பார்த்ததும் பதறுவார். அந்தச் சொல்லை விட்டுக்கொடுக்காதீர்கள். முதல் நாளில் அந்த அறிக்கையிலேயே உறுதியாக நிற்கக்கூடியது அதுதான்.

எண்ணிக்கையும் இதே வகைதான், அது இரண்டு பக்கமும் வெட்டும். பிரிட்டனின் தொலைத்தொடர்பு நிறுவனம் டாக்டாக் 2015 அக்டோபரில் தாக்கப்பட்டபோது, தன் 40 லட்சம் வாடிக்கையாளர்களும் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்ற செய்தி முதலில் பரவியது. கடைசியில் கணக்குப் பார்த்தால் 1,56,959 பேர். அதில் வங்கிக் கணக்கு எண் போனவர்கள் 15,656 பேர். எதிர்த்திசையில், மற்ற நிறுவனங்களுக்கு லாகின் சேவை தரும் ஆக்டா: 2023 நவம்பர் தொடக்கத்தில் தன் உதவி மையத்தின் மீதான தாக்குதலில் 134 வாடிக்கையாளர் நிறுவனங்கள் பாதிக்கப்பட்டதாகச் சொன்னது, அதே மாத இறுதியில் உதவி மையத்தைப் பயன்படுத்திய எல்லோருடைய பெயரும் மின்னஞ்சலும் போயிருக்கிறது என்றது. ஒன்றில் வீண் பீதி, மற்றதில் வீண் நிம்மதி. முதல் அறிக்கையில் எண்ணே வேண்டாம், 'ஒரு சிலர்', 'சிறு பகுதி' என்ற மறைமுக எண்களும் வேண்டாம்.

மூன்றாவது வாக்கியம், 'உங்கள் பாதுகாப்பே எங்கள் கடமை', சும்மா அடித்துவிடலாம். நான்காவதில் 'விரைவில்' என்பதை எடுத்துவிட்டு ஒரு கடிகார நேரத்தைப் போடுங்கள். சேவை எப்போது திரும்பும் என்று சொல்லத் தெரியாது, ஆனால் அடுத்து எப்போது பேசுவோம் என்று சொல்லலாம். அது உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும் வாக்குறுதி. பகல் 1 மணி என்று எழுதினால் 1 மணிக்கு வந்து நிற்க வேண்டும், புதிதாகச் சொல்ல எதுவும் இல்லாவிட்டாலும்கூட.

இனி ஊழியர்கள். வாடிக்கையாளருக்கு அனுப்புவதற்கு அரை மணி முன்னால் அவர்களுக்குத் தெரிந்தாக வேண்டும், ஏனென்றால் அறிக்கை வெளியான அடுத்த நிமிடம் போன் எடுக்கப்போவது அவர்கள்தான். வாடிக்கையாளருக்கு எழுதுவது பெரும்பாலும் தகவல். ஊழியருக்கு எழுதுவது பெரும்பாலும் உத்தரவு. நார்வேயின் அலுமினிய நிறுவனம் நார்ஸ்க் ஹைட்ரோவில் 2019 மார்ச் 19 அன்று லாக்கர்கோகா என்ற ரான்சம்வேர் புகுந்தது. அலுவலகக் கதவுகளில் காகிதத்தில் அச்சடித்து ஒட்டினார்கள்: நாம் சைபர் தாக்குதலில் இருக்கிறோம், எந்தச் சாதனத்தையும் நெட்வொர்க்கில் இணைக்காதீர்கள், அணைந்திருப்பதை இயக்காதீர்கள், அடுத்த தகவலுக்குக் காத்திருங்கள். அவ்வளவுதான். இணையதளம் விழுந்துகிடந்ததால் வெளி உலகத்துக்கு ஃபேஸ்புக் வழியாகச் சொன்னார்கள், அன்றே செய்தியாளர்களையும் சந்தித்தார்கள். நான் பார்த்தவரை ஊழியருக்கான முதல் செய்தி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அந்தக் கதவுக் காகிதத்தைவிட நல்ல மாதிரி இல்லை.

எங்கள் உதாரணக் கம்பெனியின் 8.30 மணிச் செய்தி இப்படிப் போகும்: "இன்று காலை 5.40க்கு நம் சர்வர்கள் சிலவற்றில் சைபர் தாக்குதல் நடந்திருப்பதைக் கண்டோம். பரவாமல் தடுக்க நெட்வொர்க்கை நாமே துண்டித்திருக்கிறோம். எதுவரை பாதித்திருக்கிறது என்று இன்னும் தெரியாது. உங்கள் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தால் நெட்வொர்க் கேபிளைக் கழற்றி, வைஃபையை அணைத்துவிடுங்கள். ஷட்டவுனோ ரீஸ்டார்ட்டோ செய்ய வேண்டாம். அணைந்திருந்தால் ஆன் செய்ய வேண்டாம். வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் வி.பி.என். இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். இதைப் பற்றி அலுவலக மெயிலிலும் சாட்டிலும் எழுத வேண்டாம். திரையில் மிரட்டல் செய்தி தெரிந்தால் மொபைலில் படம் எடுத்து உங்கள் மேலாளருக்கு மட்டும் காட்டுங்கள். அதில் இருக்கும் முகவரியைத் திறக்க வேண்டாம். பாஸ்வேர்டை யார் கேட்டாலும், ஐ.டி. என்று சொன்னாலும், கொடுக்க வேண்டாம். அடுத்த தகவலை 11 மணிக்கு உங்கள் மேலாளர் போனில் சொல்வார்."

ஷட்டவுன் செய்ய வேண்டாம் என்பதற்குக் காரணம், கம்ப்யூட்டரின் நினைவகத்தில் மட்டும் இருக்கும் தடயங்கள் மின்சாரம் நின்றதும் போய்விடும். ஆனால் கோப்புகள் கண்ணெதிரே மாறிக்கொண்டிருக்கின்றன, நெட்வொர்க்கைக் கழற்றவும் வழியில்லை என்றால் அணைத்துவிடுவதே சரி. தடயத்தைவிடத் தரவு முக்கியம். இந்த விதிவிலக்கை எல்லோருக்கும் எழுதினால் பாதிப் பேர் குழம்புவார்கள், அதனால் ஐ.டி. ஆட்களுக்கு மட்டும் தனியாகச் சொல்லுங்கள். மிரட்டல் செய்தியில் இருக்கும் முகவரியைத் திறக்காதீர்கள் என்பதும் வெறும் எச்சரிக்கை இல்லை. அந்த முகவரி தாக்கியவர்களோடு பேசும் அறைக்குப் போகும். ஆர்வத்தில் ஓர் ஊழியர் அங்கே எட்டிப் பார்த்தாலே, நீங்கள் பேச வந்துவிட்டதாக அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். மிரட்டல் செய்தி இருக்கும் கோப்பையோ சந்தேகமான நிரலையோ பொது வைரஸ் சோதனைத் தளங்களில் ஏற்றுவதும் கூடாது. அங்கே ஏற்றியதை மற்றவர்களும் எடுத்துப் பார்க்க முடியும். அந்த வழியாக வெளியாட்கள் பேச்சுவார்த்தை அறைக்குள் வந்து உட்கார்ந்தது பல இடங்களில் நடந்திருக்கிறது.

எந்த வழியில் அனுப்புவது என்பது வாசகத்துக்குச் சமமான விஷயம். உள்ளே இருப்பவர் உங்கள் மெயிலைப் படிக்கிறார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 2025இல் பிரிட்டனின் சூப்பர்மார்க்கெட் நிறுவனம் கோ-ஆப் தாக்கப்பட்டபோது, டீம்ஸ் கூட்டங்களில் கேமராவைப் போட்டுக்கொள்ளுங்கள், வந்திருப்பவர் உண்மையிலேயே நம் ஆள்தானா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள் என்று ஊழியர்களுக்குச் சொன்னார்கள். அந்த உள்மடல் உடனே செய்தியாகவும் வந்துவிட்டது. அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இரண்டு: உங்கள் கூட்டத்தில் வேறு யாரோ உட்கார்ந்திருக்கலாம், ஊழியருக்கு எழுதுவது எல்லாம் நாளைக்குப் பத்திரிகையில் வரும் என்று நினைத்தே எழுத வேண்டும். எனவே மேலாளர்கள் தங்கள் ஆட்களைக் குரலில் அழைப்பது, எஸ்.எம்.எஸ்., சொந்த மொபைலில் வாட்ஸப் குழு, கதவில் காகிதம், இவைதான் வழி. வாட்ஸப்பில் வருவது போலியா என்ற சந்தேகம் வரும். அதனால்தான் முதல் அழைப்பு தெரிந்த குரலில் இருக்க வேண்டும். ஊழியர்களின் போன் நம்பர்கள் என்கிரிப்ட் ஆன சர்வரில் மட்டுமே இருக்கின்றன என்று அன்று காலைதான் பல இடங்களில் தெரியவரும். சம்பளப் பிரிவிலோ வரவேற்பு மேசையிலோ அச்சடித்த பழைய பட்டியல் ஏதாவது கிடக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

ஊழியர்கள் கட்டாயம் கேட்கப்போகும் இரண்டு: சம்பளம் வருமா, எங்கள் விவரம் போயிற்றா? இரண்டாவதை நிர்வாகம் மறந்துவிடும். ஃபைல் சர்வரில் கிடக்கும் மனிதவளப் பிரிவின் கோப்புகள், அடையாள அட்டை நகல், வங்கிக் கணக்கு, மருத்துவச் சான்று எல்லாம் சேர்ந்த கட்டுகள், தாக்குபவர்களுக்கு மிக எளிதாகக் கிடைப்பவை. எனவே 'வாடிக்கையாளர் தரவு' என்று மட்டும் எழுதிவிட்டு ஊழியர் தரவைப் பற்றி மூச்சுவிடாமல் இருக்காதீர்கள். 'உங்கள் சொந்த விவரங்கள் பாதிக்கப்பட்டனவா என்பதும் இன்னும் தெரியாது. தெரிந்ததும் வெளியே சொல்வதற்கு முன் உங்களுக்குச் சொல்வோம்' என்று ஒரு வரி சேருங்கள். சேர்த்தால் அதைக் காப்பாற்ற வேண்டும்.

வாடிக்கையாளருக்கான 9 மணி அறிக்கை: "இன்று காலை எங்கள் சர்வர்கள் சிலவற்றில் சைபர் தாக்குதல் நடந்திருப்பதைக் கண்டறிந்தோம். அது பரவாமலிருக்க ஆன்லைன் பில்லிங்கையும் உதவி மைய மின்னஞ்சலையும் நாங்களே நிறுத்தியிருக்கிறோம். உங்கள் கம்ப்யூட்டரில் ஆஃப்லைனில் பில் போடுவது வேலை செய்யும். வாடிக்கையாளர் தரவு பாதிக்கப்பட்டதா என்று எங்களுக்கு இன்னும் தெரியாது. வெளி நிபுணர்களோடு சேர்ந்து அதை ஆராய்ந்துகொண்டிருக்கிறோம். எங்கள் சர்வரோடு உங்கள் சிஸ்டம் நேரடியாக இணைக்கப்பட்டிருந்தால் மறு அறிவிப்பு வரை அந்த இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். எங்கள் வங்கிக் கணக்கு எண் மாறவில்லை. மாறியதாக எங்கள் பெயரில் ஏதாவது வந்தால் பணம் அனுப்பாதீர்கள், உங்களிடம் ஏற்கனவே இருக்கும் நம்பரில் எங்களை அழையுங்கள். பாஸ்வேர்டையோ ஓ.டி.பி.யையோ நாங்கள் கேட்க மாட்டோம். அடுத்த தகவல் இன்று பகல் 1 மணிக்கு இதே இடத்தில்."

இதில் 'உடனே பாஸ்வேர்டை மாற்றுங்கள்' என்ற வரி இல்லாததைக் கவனியுங்கள். எல்லோரும் அதைத்தான் முதலில் எழுதத் துடிப்பார்கள். எதிரி உள்ளே இருக்கும்போது உங்கள் சேவையில் பாஸ்வேர்டை மாற்றச் சொன்னால், புதிய பாஸ்வேர்டையும் அவர் கையில் கொடுத்ததாக ஆகும். அதே பாஸ்வேர்டை வேறு தளங்களிலும் வைத்திருப்பவர்கள் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்வது சரி. உங்கள் தளத்தில் மாற்றுவது, சுத்தம் செய்து திறந்த பிறகு, எல்லோரையும் கட்டாயப்படுத்தி ஒரே தடவையில் செய்ய வேண்டிய வேலை. லிங்க்கும் இல்லை, அதுவும் வேண்டுமென்றேதான். அமெரிக்காவில் கடன் தகவல்களைச் சேர்த்து வைக்கும் ஈக்விஃபாக்ஸ் 2017இல், தன்னிடமிருந்து தரவு திருடு போனபோது, பாதிக்கப்பட்டவர்களுக்கென equifaxsecurity2017.com என்று புதுத்தளம் ஒன்று திறந்தது. அதன் அதிகாரபூர்வ ட்விட்டர் கணக்கே சில முறை சொற்களை இடம் மாற்றி securityequifax2017.com என்று அனுப்பியது. அது, ஏமாற்றுவது எவ்வளவு சுலபம் என்று காட்ட ஒருவர் வைத்திருந்த போலித்தளம். முகவரியைத் தட்டச்சு செய்யச் சொல்லுங்கள், அதுவும் அவர்கள் ஏற்கனவே அறிந்த முகவரியாக இருக்கட்டும். அந்தப் பக்கம் மட்டும் உங்கள் சர்வரில் இல்லாமல் வெளியே எங்காவது ஓடினால் நல்லது.

அறிக்கையை எதிரியும் படிக்கிறார் என்பது இன்னொரு சல்லடை. இந்த வாக்கியம் அவருக்குத் தெரியாத எதையாவது சொல்லிக்கொடுக்கிறதா? பேக்கப் நன்றாக இருக்கிறது, இன்ன இடத்தில் புகுந்தார்கள் என்று கண்டுவிட்டோம், இன்ன பாதுகாப்பு மென்பொருள் தடுத்தது, இன்ஷூரன்ஸ் இருக்கிறது, பணம் கொடுப்போம், கொடுக்க மாட்டோம் எதுவும் முதல் அறிக்கையில் வேண்டாம். ஹைட்ரோ முதல் நாளே பேக்கப்பிலிருந்து மீட்போம் என்று சொல்லியது உண்மைதான். ஆனால் பேக்கப் எதிரியின் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது என்று ஒருவர் போய்ப் பார்த்து உறுதிசெய்யாமல் அந்த வரியை நான் வெளியே விட மாட்டேன்.

சீக்கிரம் பேசு என்பதற்கு ஒரே ஒரு விதிவிலக்கும் இங்கிருந்துதான் வருகிறது. எதுவும் உடையவில்லை, எந்தச் சேவையும் நிற்கவில்லை, யாரோ சத்தமில்லாமல் உள்ளே இருப்பது மட்டும் தெரிந்திருக்கிறது, அவருக்கு நீங்கள் கண்டுபிடித்தது தெரியாது என்றால், அறிக்கையை எழுதித் தயாராக வைத்துக்கொண்டு காத்திருங்கள். அவர் கையில் இருக்கும் கணக்குகள் அத்தனையையும் ஒரே நேரத்தில் வெட்டிய பிறகுதான் அனுப்ப வேண்டும். முன்கூட்டியே தெரிந்தால் அவர் புதுக் கதவு வைத்துக்கொள்வார், அல்லது கோபத்தில் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் போவார். உங்கள் கேள்வியைப் பார்த்தால் சேவை ஏற்கனவே நின்றிருக்கிறது; அப்படியானால் காத்திருக்க எதுவும் இல்லை.

சட்டத்தில் எனக்கு உறுதியாகத் தெரிந்த அளவு மட்டும். ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதிகளின்படி, தனிநபர் தரவு பாதிக்கப்பட்டது தெரியவந்தால் 72 மணி நேரத்துக்குள் கண்காணிப்பு அமைப்புக்குச் சொல்ல வேண்டும். முழு விவரம் இல்லாவிட்டால் கட்டம் கட்டமாகத் தரலாம் என்று விதியே இடம் கொடுக்கிறது. இந்தியாவில் சைபர் சம்பவங்களைக் கையாளும் அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் தந்த உத்தரவுப்படி, குறிப்பிட்ட வகைச் சம்பவங்களைக் கவனித்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். உங்களுக்கு எது பொருந்தும் என்பது வக்கீல் வேலை. அறிக்கை எழுதுபவர் பார்க்க வேண்டியது வேறு: நீங்கள் போடும் நேரம் பின்னால் சாட்சியாகும். '5.40க்குக் கண்டோம்' என்று எழுதினால் கடிகாரம் அங்கிருந்து ஓடும், அதனால் அந்த நேரம் லாக்கோடு ஒத்துப்போக வேண்டும். 'அதிகாரிகளுக்குத் தெரிவித்துவிட்டோம்' என்ற வரி, உண்மையிலேயே தெரிவித்த பிறகுதான் சேர வேண்டும்.

போனில் உட்காருபவர்களுக்கு முழு அறிக்கையைக் கொடுத்துப் படிக்கச் சொன்னால் வேலைக்காகாது. "என் கார்டு விவரம் பத்திரமா?" என்று ஒருவர் கேட்கும்போது அவர்கள் சொல்ல வேண்டியது: "அதற்கு இப்போது உறுதியான பதில் எங்களிடம் இல்லைங்க. பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். 1 மணிக்கு அடுத்த தகவல் வரும். அதுவரை உங்கள் வங்கிச் செய்திகளைக் கவனித்துக்கொள்ளுங்கள்." அந்த இடத்தில் நல்ல மனது உள்ள ஊழியர் ஒருவர், எதிரே இருப்பவரின் பதற்றத்தைப் பார்த்து, "கவலைப்படாதீங்க, ஒண்ணும் ஆகியிருக்காது" என்று சொல்லிவிடுவார். அறிக்கையில் நீங்கள் கஷ்டப்பட்டு வெளியே வைத்த வாக்கியம் அந்த வழியாக உள்ளே வந்துவிடும். அதைச் சொல்லாதீர்கள் என்று காரணத்தோடு அவர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

பகல் 1 மணிக்கு என்ன எழுதுவது? காலையிலிருந்து மாறியதை மட்டும். மாறவே இல்லையென்றால், "காலை 9 மணி நிலையே தொடர்கிறது. ஆன்லைன் பில்லிங் இன்று திரும்பாது. தரவு குறித்து இன்னும் முடிவுக்கு வரவில்லை. அடுத்த தகவல் மாலை 6 மணிக்கு" என்றால் போதும். 'இன்று திரும்பாது' என்பது கெட்ட செய்திதான், ஆனால் வாடிக்கையாளர் அன்றைய வேலைக்கு மாற்று ஏற்பாடு செய்துகொள்ள அது உதவும். பழைய அறிக்கையை அழித்து அதன் மேல் எழுதாதீர்கள். நேரம் போட்டு மேலே சேர்த்துக்கொண்டே போங்கள். புதிதாகத் தெரியவந்தது பழையதற்கு முரணாக இருந்தால், "காலையில் இரண்டு சேவைகள் என்று சொன்னோம், இப்போது மூன்று" என்று நேரடியாக எழுதுங்கள். எந்த வரைவை யார், எத்தனை மணிக்கு ஒப்புக்கொண்டார் என்பதையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், கண்காணிப்பு அமைப்பும் இன்ஷூரன்ஸும் அதைக் கேட்கும். ஒப்புக்கொள்பவர்கள் மூன்று பேருக்கு மேல் போக வேண்டாம்: தாக்குதலைக் கையாள்பவர், வக்கீல், நிர்வாகத்தில் ஒருவர். ஆறு பேர் சுற்றில் போனால் 9 மணி அறிக்கை மதியம்தான் வரும், அதற்குள் வேறு யாரோ உங்களுக்காக எழுதியிருப்பார்கள்.

முதல் இரண்டு நாள் சில மணி நேரத்துக்கு ஒரு முறையும், நிலை அடங்கியதும் நாளுக்கு ஒரு முறையும் எழுதினால் சரியாக இருக்கும். இன்னார் இன்னாருடைய இன்ன விவரம் போயிருக்கிறது என்று தடயங்களை ஆராயும் ஃபாரன்சிக் ஆட்கள் சொல்லிவிட்டால் இந்த வகை அறிக்கையின் காலம் முடிந்தது. அதற்குப் பிறகு விவரம் போனவர்களுக்குத் தனித்தனியாகக் கடிதம் போக வேண்டும். பொதுப் பக்கத்தில் ஒரு வரி சேர்த்துவிட்டு, சொல்லிவிட்டோம் என்று இருக்கக் கூடாது.